மூன்றாம் எண் தட்டு

தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் அவளோடு வேலை பார்ப்பவர்களுக்கு அவளைப் பற்றி ஒரு கேலி உண்டு. வளர்ப்புத் தட்டில் தேதியை ஒரு முறை எழுதினால் போதாதா, மூடியில் ஒன்று, அடியில் ஒன்று என்று இரண்டு முறை எழுதுகிறாளே, பாக்டீரியா படித்துப் பார்க்கப் போகிறதா என்பார்கள். அவள் சிரித்துவிட்டு மூன்றாவது முறையாகக் குறிப்பேட்டிலும் எழுதுவாள். காரணத்தை யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல ஆரம்பித்தால் மாலை வகுப்பில் தொடங்க வேண்டும். அங்கே தொடங்கினால் கத்தரிக்காயில் வந்து நிற்கும். அப்புறம் அன்றைக்கு வேலை ஓடாது.

பத்து வருடம் ஆகிவிட்டது. ஆய்வுக்கூடத் தொழில்நுட்பப் படிப்பு, வாரத்தில் ஐந்து மாலை. ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடி. படியேறி வருவதற்குள் பாதிப் பேருக்கு மூச்சு வாங்கும். உள்ளே ஆறு நுண்ணோக்கிகள். அதில் ஒன்றுக்குக் கழுத்து நிற்காது. குவியம் வைத்துவிட்டுக் கண்ணைச் சிமிட்டினால் எல்லாம் மங்கிவிடும். மூலையில் நீளமான கல் தொட்டி. அதன் குறுக்கே இரண்டு கண்ணாடிக் கம்பிகள், அவற்றின் மேல் வரிசையாக, நுண்ணோக்கியில் வைக்கச் சாயமேற்றும் கண்ணாடிச் சில்லுகள். வருடக்கணக்கில் சாயம் ஊற்றி ஊற்றித் தொட்டியின் அடி ஊதாவாகவே மாறியிருந்தது. எந்தச் சோப்புக்கும் அசையாத ஊதா. எண்ணெய், ஸ்பிரிட் விளக்கு, பழைய ஈரம் மூன்றும் கலந்த அந்த அறையின் வாசனை இப்போதும் சில சமயம் எங்கிருந்தோ வந்து அவள் மூக்கில் உட்காரும். திரும்பிப் பார்த்தால் ஒன்றும் இருக்காது.

பகலில் அவள் ஓர் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குடுவைகள் கழுவிக்கொண்டிருந்தாள். உடன் படித்த கத்தரிக்காய் வீடு வீடாகப் போய் மின் மீட்டர் கணக்கெடுத்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அந்தப் பெயர் முதல் வாரத்திலேயே விழுந்துவிட்டது. பாக்டீரியாவை இரண்டு வகையாகப் பிரித்துக் காட்டும் கிராம் சோதனைக்கான கிரிஸ்டல் வயலெட் என்ற ஊதாச் சாயத்தை அவன் சில்லில் ஊற்றியதைவிட விரலில் ஊற்றியதுதான் அதிகம். பத்து விரலும் காம்பில் தொங்கும் கத்தரிக்காய்போல் இருக்கும். அவன் பதிலுக்கு அவளுக்குக் 'கடிகாரம்' என்று பெயர் வைத்தான். சாயத்துக்கு ஒரு நிமிடம், அயோடினுக்கு ஒரு நிமிடம், ஆல்கஹாலுக்குப் பத்து விநாடி என்று மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டுதான் அவள் வேலை செய்வாள்.

"ஏன் கடிகாரம், ஒம்பது விநாடி ஆனா அது கோவிச்சுக்குமா?" என்பான்.

"ஒம்பது பரவாயில்ல. நீ ஊத்துறது ஒம்பது நிமிஷம்."

அது உண்மை. ஆல்கஹால் விஷயத்தில் அவன் கை தாராளம். சில்லைச் சாய்த்துப் பிடித்து, வழியும் திரவம் கண்ணாடிபோல் தெளியும் வரைக்கும் ஊற்றிக்கொண்டே இருப்பான். ஊதாவாக நிற்க வேண்டியதெல்லாம் வெளுத்து, கடைசிச் சாயத்தில் இளஞ்சிவப்பாகப் போய் நிற்கும். முதல் முறை தேர்வில் அவன் தோற்றதே அதனால்தான்.

அதற்காக அவனுக்குப் புரியவில்லை என்று சொல்ல முடியாது. ஏன் ஒன்று ஊதாவாக நிற்கிறது, இன்னொன்று வெளுக்கிறது என்பதை மேடம் கரும்பலகையில் ஒரு மணி நேரம் வரைந்து காட்டினார். பெப்டிடோகிளைக்கன் என்று ஒரு பின்னல். சர்க்கரைச் சங்கிலிகளைப் புரதத் துண்டுகளால் குறுக்கே கட்டிய வலை. பாக்டீரியாவின் செல்சுவர் அதனால் ஆனது. கிராம் பாசிட்டிவ் வகையில் அது அடுக்கடுக்காகத் தடித்திருக்கும். நெகட்டிவ் வகையில் மெல்லிசாக ஒரு படலம்தான். அதற்கு வெளியே கொழுப்புச் சவ்வு ஒன்று போர்த்தியிருக்கும். வகுப்பில் பாதிப் பேர் தூங்கிப்போனார்கள். கத்தரிக்காய் எழுந்து நின்றான்.

"மேடம், நான் சொல்லட்டுமா? பாசிட்டிவ்காரன் பத்து ஸ்வெட்டர் போட்டிருக்கான். நெகட்டிவ்காரன் உள்ள ஒரே ஒரு பனியன், மேல மழைக்கோட்டு. சாயமும் அயோடினும் ரெண்டு பேருக்குள்ளயும் போய்க் கட்டியா சேந்துக்குது. ஆல்கஹால் ஊத்தினா மழைக்கோட்டு கரைஞ்சிடும். பனியன் எதைப் பிடிச்சு வைக்கும்? சாயம் ஓடிடும். ஸ்வெட்டர்ல தண்ணி வத்தி, சுருங்கி, ஓட்டையெல்லாம் மூடிக்கும். கட்டி உள்ளயே மாட்டிக்கும்."

தூங்கியவர்கள் விழித்துக்கொண்டார்கள். மேடம் சாக்பீஸைக் கீழே வைத்தார். "இதெல்லாம் எங்க படிச்ச?"

"எங்க அக்கா ஸ்வெட்டர் பின்னித்தான் என்னை வளத்துச்சு மேடம். சுடுதண்ணில தோய்ச்சு ஒண்ணைச் சுருக்கிட்டேன், ஒரு வாரம் பேசல."

அக்காவை எல்லோருக்கும் தெரியும். தேர்வு நாட்களில் தாழ்வாரத்தில் பெஞ்சு போட்டு உட்கார்ந்து, மடியில் நூல்கண்டோடு பின்னிக்கொண்டிருப்பாள். இரண்டாவது முறைத் தேர்வு அன்றும் வந்திருந்தாள். அதுதான் கடைசி வாய்ப்பு. மூன்றாம் முறைக்கு விதியில் இடமில்லை. ஒரு பெரிய மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் அவனுக்கு வேலை சொல்லி வைத்திருந்தார்கள். மாத முடிவுக்குள் சான்றிதழைக் கொண்டு வா, இல்லாவிட்டால் அடுத்தவரைக் கூப்பிடுவோம் என்று கறாராகச் சொல்லியிருந்தார்கள்.

"அவன் கையைக் கட்டிப்போட ஏதாச்சும் வழி இருக்கா பாப்பா?" என்று அன்று காலை அக்கா இவளிடம் கேட்டாள்.

"அவன் பழகியிருக்கான் அக்கா. மூணு வாரமா எண்ணி எண்ணித்தான் ஊத்தறான்."

"எண்ணுவான், எண்ணுவான். மீட்டர்ல எண்ணிப் பழக்கம்தானே. அடுத்த வீட்டு எண்ணை இந்த வீட்டுல எழுதாம இருந்தாச் சரி."

தேர்வுக்கான தட்டுகளைத் தயாரிக்கும் பொறுப்பு அவளுடையது. மேடம் வகுப்பிலேயே அவளைத்தான் நம்பினார். அவளுடைய செய்முறை மதிப்பெண்ணில் அதற்கும் ஒரு பங்கு இருந்தது. நான்கு வகைப் பாக்டீரியா, நான்கு தட்டு, தட்டின் மேல் வெறும் எண் மட்டும். எந்த எண் எது என்று மேடத்துக்கும் தேர்வாளருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். தட்டுகள் ஒரு நாள் வயதைத் தாண்டக்கூடாது. வெள்ளிக்கிழமை மாலை அவள் ஒன்று, இரண்டு, நான்கு எண் தட்டுகளில் பாக்டீரியாவைப் புதிதாகக் கோடிழுத்துத் தடவி வைத்தாள். மூன்றாம் எண்ணுக்கு எடுத்த தட்டைத் திறந்தால் உள்ளே பச்சையாகப் பூஞ்சை. வேறு தட்டு இல்லை. பாக்டீரியா வளரும் ஊடகத்தைப் புதிதாகக் காய்ச்சி ஊற்ற நேரமும் இல்லை.

அலமாரியில் திங்கட்கிழமைத் தட்டு இருந்தது. மண்ணில் வாழும் பாசில்லஸ், கோல்போன்ற உருவம், கிராம் பாசிட்டிவ். தட்டு முழுக்கக் கொழுத்து வளர்ந்திருந்தது. அவள் அதைக் கையில் வைத்து வெகுநேரம் பார்த்தாள். இது கெட்டியான ஆசாமி, வருடக்கணக்கில் மண்ணுக்குள் கிடந்தாலும் சாகாது. உயிரோடுதானே இருக்கிறது, போதாதா என்று நினைத்தாள். தேதியைத் துடைத்துவிட்டு '3' என்று எழுதினாள். உயிரோடு இருப்பதும் சுவர் உறுதியாக இருப்பதும் ஒன்றில்லை என்பது அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றவில்லை. எல்லாவற்றையும் நான்கு முறை சரிபார்ப்பவள் அதை மட்டும் ஒரு முறைகூடச் சரிபார்க்கவில்லை.

சனிக்கிழமை. அவளுடைய தேர்வு, மேடம் தனியாகப் போட்ட வேறு தட்டுகளில், முற்பகலிலேயே முடிந்துவிட்டது. பிற்பகலில் தட்டுகளை எடுத்துக் கொடுக்கும் வேலை. சீட்டுக் குலுக்கியதில் கத்தரிக்காய்க்கு மூன்றாம் எண் வந்தது. அவன் தொட்டியருகே நின்று உதட்டை அசைத்து எண்ணுவதை அவள் கதவோரத்திலிருந்து பார்த்தாள். நேரத்தை அளக்கத் தன் மணிக்கட்டைப் பார்க்கவில்லை. அப்படிப் பார்ப்பதுகூட உதவி செய்வதாகிவிடுமோ என்று பயம்.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஒல்லியான மனிதர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நுண்ணோக்கியில் குனிந்தார். நிமிர்ந்தார். மறுபடியும் குனிந்தார்.

"தம்பி, ஆல்கஹாலைக் கொஞ்சமா ஊத்தினீங்களா, இல்ல குளிப்பாட்டினீங்களா?"

"பத்து விநாடிதான் சார்."

"பத்து விநாடியில இப்படி வெளுக்காது. முக்கால்வாசி பிங்க். இது ஊதாவா இருக்க வேண்டிய ஆளு." தாளைப் புரட்டினார். "பாசிட்டிவ், நெகட்டிவ்னு எழுத வேண்டிய கட்டத்தை ஏன் காலியா விட்டிருக்கீங்க?"

"எதுன்னு தெரியல சார். ரெண்டும் இருந்துச்சு."

"ரெண்டும் இருக்காது தம்பி. ஒரே தட்டு, ஒரே வகை." தேர்வாளர் சிவப்புப் பேனாவால் சுழித்தார். அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

கத்தரிக்காய் வெளியே வந்து அவளருகே சுவரில் சாய்ந்தான். தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் அக்கா தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"போச்சு," என்றான். "ஆனா சத்தியமா பத்துதான் எண்ணினேன். இல்ல பதினொண்ணா? இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு. அக்காகிட்ட நீயே சொல்லிடேன். உன்னைத் திட்டாது."

மனசுக்குள் அவளும் அவன் கையைத்தான் சந்தேகப்பட்டாள் என்பதுதான் நிஜம். மறுபடியும் கை நீண்டுவிட்டது, பாவம் என்றுதான் நினைத்தாள். தேர்வாளரும் மேடமும் தேநீர் குடிக்க எதிர் அறைக்குப் போனார்கள். ஆறு மணிக்குப் பட்டியலில் கையெழுத்து. அதற்குள் விடைத்தாள்களை எண் வரிசையில் அடுக்கிக் கட்ட வேண்டும். அவள் அடுக்கிக்கொண்டே வந்தாள். அவன் தாள் வந்தது.

கண்ணில் கண்டதை வரை, புத்தகத்தில் கண்டதை வரையாதே என்று மேடம் சொல்லிக்கொண்டே இருப்பார். அவன் அதை அப்படியே பிடித்துக்கொண்டவன். தாளில் கோல்கோலாக வரைந்திருந்தான். சிலவற்றுக்கு முழு ஊதா, பலவற்றுக்கு இளஞ்சிவப்பு. சிலவற்றில் ஒரு பாதி ஊதா, மறு பாதி வெளுப்பு. அதோடு நிறையக் கோல்களின் நடுவில் சாயமே ஏறாத வெள்ளை முட்டை ஒன்று, கவனமாக, சுற்றிக் கோடு போட்டு. பக்கத்தில் கோணல் எழுத்தில், 'உள்ளே ஓட்டை இருக்கிறது, என்னவென்று தெரியவில்லை.'

அவளுக்குத் தெரிந்தது.

அது விதைத்துளி. உணவு தீர்ந்துபோனால் பாசில்லஸ் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள உள்ளே ஒரு கெட்டியான விதைத்துளியைச் செய்து வைக்கும். சாதாரணச் சாயம் அதற்குள் நுழையாது. அதனால் வெள்ளையாக நிற்கும். புதுத் தட்டில் இத்தனை இருக்காது. ஆல்கஹாலை ஒரு வாளி ஊற்றினாலும் கோலுக்குள் முட்டை முளைக்காது. கழுவல் நிறத்தை மாற்றும், உருவத்தை மாற்றாது. ஆக, இவன் வரைந்திருப்பது தன் கையின் தவறை அல்ல, தட்டின் வயதை. வயதான செல்லின் சுவரை அதன் சொந்த நொதிகளே அரித்துவிடும். பின்னல் அங்கங்கே அறுந்துவிட்டால் ஆல்கஹால் பட்டு எவ்வளவு சுருங்கினாலும் ஓட்டை மூடாது, சாயம் ஒழுகிவிடும். பத்து ஸ்வெட்டர் போட்டவன்தான்; ஆனால் பத்தும் பூச்சி அரித்தது.

ஆறு மணிக்கு இருபத்தைந்து நிமிடம் இருந்தது. அவளுக்கு இரண்டு யோசனைகள் வந்தன. ஒன்று, தாளைக் கட்டி வைத்துவிட்டுப் போவது. தட்டில் தேதி இல்லை, யாருக்கும் தெரியாது. அந்த யோசனை எவ்வளவு நேரம் நின்றது என்பதை அவள் பிறகு பலமுறை கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறாள். நான்கு விநாடி என்றும் தோன்றும், நான்கு நிமிடம் என்றும் தோன்றும். இன்னொன்று, எதிர் அறைக்கு ஓடிப்போய்ச் சொல்வது. ஆனால் சொன்னால் மட்டும் போதுமா? தோழனுக்காகப் பேசுகிறாள் என்பார்கள். அதைவிட, அவளுக்கே தன்மேல் நம்பிக்கையில்லை. ஒருவேளை தட்டும் பழசாக இருந்து, அவன் கையும் நீண்டிருந்தால்?

அவள் ஒரு புதுச் சில்லை எடுத்தாள். அதில் மூன்று பொட்டுகள் வைத்தாள். இடது ஓரத்தில் முதல் எண் தட்டு: புது வளர்ப்பு, கொத்துக் கொத்தான கிராம் பாசிட்டிவ் உருண்டைகள். வலது ஓரத்தில் நான்காம் எண்: புது வளர்ப்பு, நெகட்டிவ் கோல்கள். நடுவில் மூன்று. காய வைத்து, சுடரில் காட்டி, சாயம் ஊற்றினாள். மணிக்கட்டைப் பார்த்தாள். ஒரு நிமிடம். தண்ணீர். அயோடின், ஒரு நிமிடம். தண்ணீர். ஆல்கஹால், பத்து விநாடி, மூன்று பொட்டுக்கும் ஒரே ஓட்டமாக. கடைசியில் இளஞ்சிவப்புச் சாயமான சஃப்ரனின். அவசரத்தில் அவளுடைய விரல்களும் அன்று ஊதாவாயின.

கதவில் கத்தரிக்காய் வந்து நின்றான். "என்ன பண்ற? தேர்வு முடிஞ்சிடுச்சே?"

"பேசாத. எண்ணிட்டிருக்கேன்."

எதிர் அறைக்கு அவள் சில்லோடு போனபோது தேர்வாளர் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்திருந்தார்.

"சார், ஒரு நிமிஷம். மேடம், மூணாம் நம்பர் தட்டு நேத்துப் போட்டது இல்ல. திங்கக்கிழமைத் தட்டு. நான்தான் வெச்சேன்."

மேடம் கோப்பையைக் கீழே வைத்தார்.

"இது ஒரே சில்லு, ஒரே கழுவல் சார். ரெண்டு ஓரமும் சரியா இருந்து நடு மட்டும் வெளுத்திருந்தா, தப்பு கையில இல்ல, தட்டுலதான். நான் இன்னும் பாக்கல. நீங்களே பாருங்க."

அவள் பார்க்காமல்தான் கொண்டு வந்திருந்தாள். முதலில் பார்த்துவிட்டால், பார்க்க விரும்பியதைத்தான் பார்ப்போம் என்று அவளுக்குப் பயம்.

தேர்வாளர் எழுந்து வந்து, நிற்கிற கழுத்துள்ள நுண்ணோக்கியாகப் பார்த்து உட்கார்ந்தார். இடது ஓரம். "ஊதா," என்றார். வலது ஓரம். "பிங்க்." நடுவுக்கு நகர்த்தினார். குவியத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தாழ்வாரத்தில் அக்காவின் பின்னலூசிகள் ஒன்றோடொன்று தட்டும் ஓசைகூடக் கேட்டது.

"ரெண்டு நிறமும் கலந்திருக்கு," என்றார் கடைசியில். "விதைத்துளி வேற நிறைய இருக்கு." கத்தரிக்காயின் தாளை வாங்கிப் படத்தை இப்போதுதான் பார்ப்பதுபோல் பார்த்தார். இப்போதுதான் பார்த்தார். "தம்பி, இங்க வாங்க. இது ஏன் வெளுத்துச்சுன்னு சொல்லுங்க."

கத்தரிக்காய் மேடத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், படத்தைப் பார்த்தான். "பழசாயிடுச்சா சார்? அப்ப... ஸ்வெட்டரைப் பூச்சி அரிச்சிடுச்சு."

"என்ன?"

"அது அவன் பாஷை சார்," என்றார் மேடம். "பெப்டிடோகிளைக்கனைச் சொல்றான்."

தேர்வாளர் சிரிக்கவில்லை. ஆனால் சிவப்புப் பேனாவை மூடினார். "சரி. முதல் நம்பர் தட்டுல இருந்து என் முன்னாடி ஒரு சில்லு போடுங்க. கடிகாரம் கிடிகாரம் எதுவும் கூடாது."

அவள் அனிச்சையாகத் தன் மணிக்கட்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். அவன் தொட்டியருகே போய் நின்றான். ஆல்கஹால் புட்டியை எடுத்ததும் மீட்டர் எண்களைப் படிக்கிற அதே குரலில், சத்தமாக, ஒன்று, இரண்டு என்று எண்ணினான். பத்தில் கை நின்றது. தண்ணீர்க் குழாயைத் திருப்பினான். அக்கா பின்னலை விட்டுவிட்டு வாசலுக்கே வந்துவிட்டாள். சில்லு காய்ந்ததும் தேர்வாளர் குனிந்து நிமிர்ந்தார்.

"ஊதா," என்றார் தேர்வாளர். "நல்ல ஊதா."

அக்கா இவளருகே வந்து கன்னத்தைத் தடவினாள். "நீ ஏதோ செஞ்ச போல இருக்கே பாப்பா. என்ன செஞ்ச?"

"தப்புதான் செஞ்சேன் அக்கா," என்றாள் அவள். அக்காவுக்கு அது தன்னடக்கம் போலத் தெரிந்திருக்க வேண்டும். இன்னொரு முறை தடவினாள்.

மேடம் எல்லோரும் போன பிறகுதான் பேசினார். மூன்றாம் எண் தட்டை எடுத்து மூடியையும் அடியையும் திருப்பிப் பார்த்தார். "தட்டு இல்லைன்னு என்கிட்ட சொல்லியிருந்தா மூணாம் நம்பரையே தேர்வுல இருந்து எடுத்திருப்பேனே," என்றார். அவ்வளவுதான். நன்றாகத் திட்டியிருந்தால் அது எப்போதோ மறந்திருக்கும். அவளுடைய செய்முறை மதிப்பெண்ணில் அந்தப் பங்கு அப்படியே போயிற்று. வகுப்பில் முதலிடமும் போயிற்று. அதன்பின் தட்டு வேலையை வேறொருத்தி பார்த்தாள்.

கத்தரிக்காய் மருத்துவமனைக்குப் போனான். இப்போது அங்கே நுண்ணுயிர்ப் பிரிவில் அவன் சொல்வதுதான் சட்டமாம். வருடத்துக்கு ஒரு முறையாவது தொலைபேசியில் கூப்பிடுவான். போன வாரமும் கூப்பிட்டான்.

"என்ன கடிகாரம், ஓடுதா?"

"ஓடுது. அக்கா எப்படி?"

"எனக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னியிருக்கு. கை ரெண்டும் ரெண்டு நீளம். கண்ணு தெரியல, ஒத்துக்க மாட்டேங்குது." குரலைத் தாழ்த்தினான். "ஒண்ணு சொல்லட்டுமா? ரொம்ப நாளா சொல்லணும்னு. அன்னைக்கு மூணாம் தட்டுக்கு நான் பத்துல நிறுத்தல."

"என்ன சொல்ற?"

"பத்து எண்ணினேன். அப்புறம் பயத்துல இன்னொரு தரம் பத்து எண்ணிட்டேன். யார்கிட்டயும் சொல்லல. நீ வேற சில்லோட அப்படி வந்து நின்னியா, சொல்ல வாய் வரல."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. நிறுத்த முடியாமல் வந்தது. அந்தப் பக்கம் அவனும் சிரித்தான். அந்த ஊதாத் தொட்டியின் பக்கத்தில் இருவரும் நிற்பதுபோல இருந்தது.

"ஓட்டையை வரைஞ்சது நீதானே?" என்றாள்.

"அதை வரைஞ்சது நான்தான்."

"அப்ப சரி."

தொலைபேசியை வைத்த பிறகு மேசை இழுப்பறையில் இருந்த பழைய சில்லுப் பெட்டியைத் திறந்தாள். மூன்று பொட்டுச் சில்லு இருந்தது. பத்து வருடத்தில் மூன்றுமே மங்கியிருந்தன. சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் இடது ஓரத்தில் மட்டும் லேசாக ஊதா என்று சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம். நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கலாமா என்று யோசித்தாள். வேண்டாம் என்று பெட்டியில் வைத்தாள்.

அன்றைய தண்ணீர் மாதிரிகள் காத்துக்கொண்டிருந்தன. முதல் தட்டை எடுத்தாள். மூடியில் தேதி எழுதினாள். திருப்பி, அடியிலும் எழுதினாள்.